ஏழு விதை எப்படி முளைத்தது?

"அண்ணே, எத்தியோப்பியா காட்டில் இருந்த காப்பி எப்படி உலகம் பூரா போச்சு? அரபு வியாபாரிகள் விதை வெளியே போய் முளைத்துவிடக் கூடாது என்று வேகவைத்துத்தான் விற்றார்கள் என்கிறார்கள். அப்படியென்றால் பாபா புதான் கொண்டுவந்த ஏழு விதை மட்டும் எப்படி முளைத்தது? கடையில் வாங்கும் பச்சைக் கொட்டையை மாடித் தொட்டியில் போட்டால் வருமா?"

தம்பி, கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அதற்குள்தான் மற்ற இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

கடைக் கொட்டை முளைக்காது. நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா காலத்தில் இருந்து காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடை எங்களுடையது. ஒரு தை மாதம், அப்போதுதான் வந்து இறங்கிய மூட்டையில் இருந்து நல்ல பிளான்டேஷன் கொட்டையாக இருபது பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். பத்தாம் நாள் பார்த்தால் பூஞ்சை. இருபதும் போச்சு. அடுத்த மாதம் ஏற்காட்டில் இருந்து கொட்டை ஏற்றி வரும் லாரிக்காரரிடம் சொல்லி, தோல் உரிக்காத விதை இருபது வாங்கினேன். காப்பியில் நாம் குடிக்கிற இரண்டு முக்கிய இனத்திலும், அராபிகா பத்து, ரொபஸ்டா பத்து. அதே மாடி, அதே தண்ணீர். ஏழு வாரம் கழித்துப் பதின்மூன்று விதை மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. தீக்குச்சி மாதிரி ஒரு தண்டு, உச்சியில் அந்தப் பழைய விதையே தொப்பி போல உட்கார்ந்திருந்தது. இன்னும் சில வாரத்தில் தொப்பி கழன்று இரண்டு வட்ட இலை விரிந்தது.

கடைக் கொட்டையும் தோல் உரிக்காத அந்த விதையும் ஒரே பயிர்தான். வித்தியாசம் அந்தத் தோலில் இருக்கிறது.

காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் வழவழப்பான சதைக்குள் இரண்டு விதை முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு விதையையும் வைக்கோல் நிறத்தில் ஒரு கெட்டியான ஓடு மூடியிருக்கும். தோட்டத்துக்காரர்கள் அதைப் பார்ச்மென்ட் என்பார்கள். விதைக்கு எடுக்கிறவர்கள் நன்றாகப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையை நீக்கி, சலித்த மரச்சாம்பலில் புரட்டி, நிழலில் சில நாள் உலர்த்துவார்கள். ஓட்டை உரிக்கவே மாட்டார்கள். குடிக்கிற கொட்டைக்கோ வெயிலில் நன்றாகக் காய்ந்தபிறகு மில்லில் கொடுத்து ஓட்டை உடைத்து, தேய்த்து, தரம் பிரிக்க வேண்டும். விதையின் முளைக்கரு ஒரு நுனியில், மேல்தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஊறவைத்த கொட்டையின் நுனியை நகத்தால் கீறிப் பார், சின்ன வெள்ளைக் குச்சி மாதிரி தெரியும். உயிருள்ள விதையில் அது தந்த நிறத்தில் கெட்டியாக இருக்கும், செத்துப்போனதில் பழுப்பேறித் துவண்டிருக்கும். மில்லில் அடிபடும்போது முதலில் காயம்படுவது அந்தக் குச்சிதான்.

அடிபடாத விதைக்கும் ஆயுள் குறைவு. நெல்லை அடுத்த வருடம் விதைக்கலாம். காப்பி விதையை ஓட்டோடு, நிழலில், சாதாரணச் சூட்டில் வைத்தால் சுமார் ஆறு மாதம். அதற்கு மேல் வைத்தால் முளைக்கிற எண்ணிக்கை வேகமாகச் சரியும். ரொபஸ்டா விதைக்கு இன்னும் குறைவு.

இந்த ஆறு மாதத்தை மனதில் வைத்துக்கொள். காப்பி உலகத்தைச் சுற்றிய வழியை இதுதான் பெரும்பாலும் முடிவு செய்தது என்பது என் கட்சி. வேகவைத்து விற்ற கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சரக்கு போன பாதையைப் பார்த்தால், வேகவைக்கத் தேவையே இருந்திருக்காது.

சரி, முதலில் காடு. அராபிகா காப்பி எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில், கஃபா போன்ற பகுதிகளில், பெரிய மரங்களின் நிழலில் தானாக வளர்வது. பக்கத்தில் தெற்கு சூடானின் போமா பீடபூமியிலும் உண்டு. எத்தியோப்பியாவில் அதன் பெயர் புன்னா. கஃபாவில் இருந்துதான் காப்பி என்ற பெயர் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் அரபியில் அந்தப் பானத்துக்குக் கஹ்வா என்று பெயர், அதற்கு முன்பு அது மதுவைக் குறித்த சொல். துருக்கியர் வாயில் கஹ்வே, அங்கிருந்து ஐரோப்பிய வாய்களுக்குள் போய் கடைசியில் நம்மிடம் காப்பியாக வந்தது. அரபிக்காரர்கள் கொட்டையைப் புன் என்கிறார்கள். காட்டுப் பெயர் ஒட்டியிருப்பது அந்தச் சொல்லில்தான்.

ஆடு காப்பிப் பழம் தின்று துள்ளியதைப் பார்த்த இடையன் கதையும் உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கதை முதன்முதலில் அச்சில் வந்தது 1671ல், ரோமாபுரியில், ஃபாஸ்டஸ் நைரோன் என்பவர் லத்தீனில் எழுதிய சிறுநூலில். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காப்பியைப் பற்றி மக்காவில் வழக்கே நடந்திருக்கிறது. ஆட்டை விட்டுவிடுவோம்.

காட்டில் இருந்து செங்கடலைத் தாண்டி ஏமனுக்கு வந்ததுதான் முதல் தாவல். பக்கத்துக் கரை, பாய்மரப் படகில் தொட்டுவிடும் தூரம், விதை சாக வாய்ப்பில்லை. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏமனின் சூஃபிகள் இரவில் இறைவன் பெயரை ஓதும் திக்ருக்குத் தூக்கம் வராமல் இருக்க இதைக் குடித்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. அங்கிருந்து ஹஜ் பயணிகளோடும் வணிகர்களோடும் பானம் மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் ஏறியது. 1511ல் மக்காவில் காயிர் பெக் என்ற அதிகாரி காப்பியைத் தடை செய்து மூட்டைகளை எரிக்க வைத்தார். கெய்ரோவில் இருந்த மேலிடமே அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. 1550களில் இஸ்தான்புல்லில் காப்பிக்கடை வந்தாயிற்று. 1652ல் லண்டனில்.

கவனி, இத்தனை ஊருக்கும் போனது குடிக்கிற கொட்டை மட்டும்தான். மரம் எங்கேயும் போகவில்லை. கிட்டத்தட்ட 150 ஆண்டு, உலகம் குடித்த காப்பியில் பெரும்பங்கு ஏமன் மலைப்படிக்கட்டு வயல்களில் விளைந்தது. ஏன் யாரும் மரத்தை நகர்த்தவில்லை?

ஒரு மூட்டையின் பயணத்தைப் பார்ப்போம். ஏமன் மலையில் பழத்தை முழுசாக வீட்டுக் கூரையில் காயப்போடுவார்கள். நம் வியாபாரத்தில் செர்ரி என்கிறோமே, அந்த முறை. காய்ந்ததைக் கல் திரிகையில் இட்டு ஓட்டை உடைப்பார்கள். ஓடும் தோலும் அவர்களுக்குக் குப்பை இல்லை, அதைக் கொதிக்கவைத்துக் கிஷ்ர் என்று குடிப்பார்கள், இன்றும் குடிக்கிறார்கள். உடைத்த கொட்டை ஒட்டகத்தில் பைத்துல் ஃபகீ என்ற சந்தைக்கு இறங்கும். அங்கேதான் மொத்த வியாபாரம். குஜராத்தி பனியாக்கள்தான் அந்த வட்டாரத்தில் தரகும் வட்டிக்கடையும் நடத்தியவர்கள். நம் சவுகார்பேட்டைத் தெருவில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்களின் தூரத்துப் பங்காளிகள் என்று வைத்துக்கொள். அங்கிருந்து மோக்கா அல்லது ஹொதைதா துறைமுகம், அங்கிருந்து ஜித்தா, அங்கே சரக்கு மாற்றி சூயஸ், மறுபடி ஒட்டகம், கெய்ரோ கிடங்கு, அலெக்சாண்டிரியா, அப்புறம் வெனிஸோ மார்சேயோ. ஒவ்வொரு இடத்திலும் காற்றுக்கும் கூட்டத்துக்கும் காத்திருக்க வேண்டும். திரிகையில் ஓடு உடைந்த விதை, மாதக்கணக்கில் செங்கடல் வெயிலில் கிடந்து மார்சேய் போய்ச் சேரும்போது என் ஈரச் சாக்கில் கிடந்த இருபது கொட்டையைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும். ஐரோப்பாவில் யாராவது அதை மண்ணில் போட்டு, முளைக்காமல் போனதும், "இந்த அரபிகள் ஏதோ செய்து அனுப்புகிறார்கள்" என்று சொல்லியிருந்தால் ஆச்சரியம் இல்லை. வியாபாரிகள் விதையைக் கட்டிக் காத்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பெரிய பூட்டு தூரம்தான்.

இப்போது அரபிக்கடலின் இந்தப் பக்கம் வா. மோக்காவுக்கும் மலபாருக்கும் நடுவில் ஒரே கடல். தென்மேற்குக் காற்று சரியாகக் கிடைத்தால் சில வாரத்தில் இந்தக் கரை. சூரத், மலபார்த் துறைகளில் இருந்து துணியும் மிளகும் ஏற்றிப் போன கப்பல்கள் வழக்கமாகத் திரும்பிய வழி அது. ஹாஜிகளும் அதே கப்பல்களில்தான். உடைக்காத காய்ந்த பழமோ, ஓட்டோடு இருக்கும் விதையோ யாரோ ஒருவர் மடியில் வந்திருந்தால், மண்ணைத் தொடும்போது அதில் உயிர் இருந்திருக்கும்.

பாபா புதான் கதை இதற்குள் அழகாகப் பொருந்துகிறது. ஹஜ் போன சூஃபிப் பெரியவர், சுமார் 1670ல், ஏழு விதையோடு திரும்பி, சிக்மகளூர் சந்திரகிரி மலையில் நட்டார் என்பது மரபு. இன்று அந்த மலைக்கே அவர் பெயர். ஏழு என்ற எண்ணும் அந்தத் தேதியும் மரபு சொல்வது, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். ஏழு விதை போதுமா என்று கேட்டால், போதும். என் மாடியில் இருபதுக்குப் பதின்மூன்று. ஏழுக்கு மூன்று நான்கு தேறினாலே ஒரு மலைக்குப் போதும், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். மரபு இல்லாமல் உறுதியாகத் தெரிவது, அதே நூற்றாண்டு முடிவதற்குள் மலபார்க் கரையில் காப்பிச் செடி நின்றது என்பது.

அதை எப்படிச் சொல்கிறேன் என்றால், டச்சுக்காரர்கள் அங்கிருந்துதான் எடுத்துப் போனார்கள். கண்ணூர்க் கோட்டை அப்போது அவர்கள் கையில். 1696ல் மலபாரில் இருந்து ஜாவாவின் படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, காப்பி நாற்று போயிற்று. வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. 1699ல் மறுபடி மலபாரில் இருந்தே கொண்டுபோனார்கள், அது பிடித்துக்கொண்டது. இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. காப்பி எங்கே இருந்து வந்தது என்றால் எல்லோரும் எத்தியோப்பியா, ஏமன், பிறகு ஐரோப்பா என்று அம்பு போடுகிறார்கள். அமெரிக்கக் கண்டத்துக்குப் போன முதல் காப்பி வம்சம் நம் மேற்குக் கரை வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த வம்சத்துக்கு டிபிகா என்று பெயர்.

ஜாவாவில் இருந்து ஆம்ஸ்டர்டாம் போவது வேறு கணக்கு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஆறு, எட்டு மாதக் கடல். விதையாகப் போனால் வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால் செடியாகவே போக வேண்டியிருந்தது. 1706ல் ஜாவாவில் இருந்து ஒரு காப்பிச் செடி ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்கு உயிரோடு வந்தது. அந்தக் குளிரில் கண்ணாடி வீட்டில் அடுப்பு மூட்டி வைத்துக் காப்பாற்றினார்கள். அது பூத்து, காய்த்தது.

ஒற்றைச் செடி எப்படிக் காய்க்கும் என்று தோன்ற வேண்டும் உனக்கு. இங்கேதான் அராபிகாவின் பிறப்பு வேலை செய்கிறது. அராபிகா, ரொபஸ்டாவும் யூஜீனியாய்டிஸ் என்ற இன்னொரு காட்டுக் காப்பியும் பல லட்சம் ஆண்டுக்கு முன் கலந்து பிறந்த கலப்பு. மற்ற காப்பி இனங்களுக்கு 22 குரோமோசோம், இதற்கு மட்டும் 44. அதோடு, தன் பூவின் மகரந்தத்தாலேயே தன் காயை உண்டாக்கிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு மரம் வேண்டாம், வண்டுகூட அவ்வளவாக வேண்டாம். ரொபஸ்டாவுக்கு அது முடியாது, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. 1706ல் கப்பலில் வந்தது ரொபஸ்டாவாக இருந்திருந்தால் ஆம்ஸ்டர்டாமில் ஒரு அழகுச் செடி இருந்திருக்கும், அவ்வளவுதான்.

1714ல் ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர்கள் அந்த வழி வந்த ஒரு கன்றை பிரான்சின் பதினான்காம் லூயிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். போட்டி நாட்டு ராஜாவுக்கு! வியாபாரம் தெரிந்தவர்கள் செய்கிற காரியமா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. பாரிஸ் தோட்டத்தில் வளர்ந்த அந்த வம்சத்தில் ஒரு கன்றைத்தான் 1720களின் தொடக்கத்தில் கப்ரியேல் தெ கிளியூ என்ற கடற்படை அதிகாரி கரீபியக் கடலின் மார்ட்டினீக் தீவுக்குக் கொண்டுபோனார். வழியில் காற்று நின்று, தண்ணீர் பங்கீடு வந்து, தன் பங்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றியதாக அவரே பிற்காலத்தில் எழுதினார். ஐம்பது வருடம் கழித்து எழுதியது என்பதால் கொஞ்சம் உப்பு சேர்ந்திருக்கலாம். ஆனால் செடி போய்ச் சேர்ந்தது. அதற்குச் சற்று முன்பே டச்சுக்காரர்கள் ஆம்ஸ்டர்டாம் செடியின் பிள்ளைகளை சுரினாமில் நட்டிருந்தார்கள். அங்கிருந்து பக்கத்துப் பிரெஞ்சு கயானா. 1727ல் எல்லைத் தகராறு பேசப் போன பிரான்சிஸ்கோ தெ மெலோ பல்யேத்தா என்ற போர்ச்சுகீசிய அதிகாரி அங்கிருந்து பிரேசிலுக்கு விதை கடத்தினார். கயானாவும் பிரேசிலும் பக்கம் பக்கம், விதை சாகிற தூரம் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் தனியாக இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். ஏமனில் இருந்து நேரே இந்தியப் பெருங்கடலில் தங்கள் பூர்போன் தீவுக்கு, இப்போது ரீயூனியன். 1715லும் 1718லும் கொண்டுபோனதில் மிகச் சில செடிதான் பிழைத்தது. அந்த வம்சத்துக்குத் தீவின் பெயரே, பூர்போன். லத்தீன் அமெரிக்காவில் பிறகு நூற்றைம்பது, இருநூறு ஆண்டு விளைந்த அராபிகா கிட்டத்தட்ட முழுவதும் இந்த இரண்டு வம்சத்தின் பிள்ளைகள்தான்.

செடியைத் தாவவைத்தது சில அதிகாரிகள். ஆனால் தோட்டத்தில் உழைத்தது யார் என்று சொல்லாமல் போனால் கதை பாதிதான். 1780களின் இறுதியில் உலகக் காப்பியில் ஏறத்தாழ பாதி, சான் தொமிங் என்ற பிரெஞ்சுக் காலனியில் விளைந்தது, இன்றைய ஹைட்டி. ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் விளைவித்தது. 1791ல் அவர்கள் எழுந்தார்கள், தோட்டங்கள் எரிந்தன, உலகச் சந்தை வேறு இடம் தேடியது. அந்த இடத்தைப் பிடித்தது பிரேசில், அங்கே 1888 வரை அடிமைமுறை இருந்தது. குடிக்கிற கோப்பை மலிவானதற்கு இதுதான் முதல் காரணம்.

இன்னொரு இடம் இலங்கை. இது நம் ஊர் ஜனங்களின் கதை. 1830களுக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் கண்டி மலைக்காட்டை வெட்டிக் காப்பி நட்டார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டும். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளில் இருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனார். கரையில் இருந்து மன்னாருக்குத் தோணி, அங்கிருந்து காட்டு வழியாகக் கண்டிக்கு நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியோரத்திலேயே விழுந்தவர்கள் ஏராளம். தேயிலை போல வருடம் முழுதும் வேலை இல்லை, காப்பி பறிக்கிற சில மாதம்தான், முடிந்ததும் அதே வழியில் திரும்பி நடை. மலையகத் தமிழர் என்றதும் நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வருகிறது. முதலில் அவர்களை அழைத்துப்போனது காப்பி.

1870ஐ ஒட்டி இலங்கையின் காப்பி ஏற்றுமதி ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டன் அளவுக்குப் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான், 1869ல், இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூள் பூத்ததை ஒரு தோட்டத்தில் கவனித்தார்கள். விரலால் தேய்த்தால் மஞ்சள் கட்டை அரைத்த மாதிரி ஒட்டும். இலைத்துரு நோய். அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள், இரண்டாம் சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள்.

இந்த நோய் மரத்தை உடனே கொல்லாது, அதனால்தான் ஏமாந்தார்கள். இலை உதிரும், மறுபடி துளிர்க்கும், தோட்டக்காரர் பிழைத்தது என்று நினைப்பார். உதிர்ந்த இலையோடு அடுத்த வருட விளைச்சல் போயிருக்கும். துளிர்த்ததும் உதிரும். நாலைந்து வருடத்தில் கிளை நுனி காய்ந்து வரும். அந்த நேரம் காப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் குறைந்த விளைச்சலிலும் காசு வந்தது, இன்னும் காட்டை வெட்டி இன்னும் நட்டார்கள். 1880ல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் ஆராய்ச்சியாளரை அழைத்தார்கள். அவர் இரண்டு வருடம் இருந்து, காற்றில் வரும் பூஞ்சை வித்து, ஈரமான இலையின் அடித் துளைகள் வழியாக உள்ளே நுழைகிறது என்று காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதுதான் அதற்கு ராஜபாட்டை போட்டது என்றும் சொன்னார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கிற போர்டோ கலவை பிரான்சில் அதற்கப்புறம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுக்குள் ஏற்றுமதி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. மரத்தை வெட்டி அடுப்புக்குப் போட்டு, தேயிலை நட்டார்கள்.

இவ்வளவு வேகமாக ஏன் விழுந்தது? ஏழு விதை, ஒரு கப்பல் நாற்று, ஒரு கண்ணாடி வீட்டுச் செடி என்று ஒவ்வொரு தாவலிலும் வம்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதுவும் தன்னையே பெற்றுக்கொள்ளும் இனம். ஒரு மரத்துக்கு இந்தப் பூஞ்சையைத் தாங்கத் தெரியவில்லை என்றால் பக்கத்து மரத்துக்கும் தெரியாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆள். எத்தியோப்பியக் காட்டிலும் துரு உண்டு. ஆனால் அங்கே நூறு விதமான காப்பி நிழலில் சிதறி நிற்கிறது, ஒன்று வாடினால் மற்றது நிற்கும். காப்பி ஊர் ஊராகப் பரவியபோது கஃபா காட்டின் அந்தக் கலவை கூடவே வரவில்லை. அமெரிக்கக் கண்டத்துக்குப் போன காப்பியின் பின்னால் நோய் வெகுகாலம் பெருங்கடல் தாண்டவில்லை என்பது ஒரு அதிர்ஷ்டம். பிரேசிலுக்குத் துரு 1970ல்தான் போய்ச் சேர்ந்தது.

நம் கர்நாடக மலைகளையும் அதே காலத்தில் துரு பிடித்தது. ஆனால் இங்கே முழுசாக அழியவில்லை. தாங்கி நின்ற மரங்களைப் பொறுக்கி விதை எடுத்தார்கள், கெண்ட் என்ற வகை அப்படி வந்தது. பிறகு பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் கெண்டையும் வேறொரு கலப்பையும் சேர்த்து எஸ்.795 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். என் கடைக்கு வரும் அராபிகா மூட்டைகளில் இன்றும் அது அதிகம்.

மற்றவர்கள் வேறு இனத்தைத் தேடினார்கள். 1900ஐ ஒட்டி, காங்கோவில் இருந்து பெல்ஜியம் வழியாக ரொபஸ்டா ஜாவாவுக்குப் போனது. தாழ்ந்த நிலத்தில் வளரும், சூடு தாங்கும், துருவைத் தாங்கும், காஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, மணம் குறைவு, கசப்பு கூடுதல். இன்று இந்தியாவில் விளைகிற காப்பியில் சுமார் 70 சதவீதம் ரொபஸ்டாதான். எங்கள் அப்பா அதை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், ஆனால் அரைக்கும்போது கால்வாசி சேர்க்காமல் விடமாட்டார். பால் ஊற்றியபிறகும் திக்காக நிற்பதற்கு அது வேண்டும். துறைமுகத்தில் இருந்து ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வரும் ஆட்களுக்கு ஸ்ட்ராங்காக இல்லாவிட்டால் கோபம் வரும். பீபெரி மட்டும் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளர்களும் உண்டு. ஒரு பழத்தில் இரண்டு விதைக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்ததுதான் பீபெரி, அது தனி இனம் இல்லை.

மாடிக் கதைக்கு வருகிறேன். அந்தப் பதின்மூன்றில் எட்டு அராபிகா, ஐந்து ரொபஸ்டா. சித்திரை வரை எல்லாம் நன்றாக இருந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரத்தில் அராபிகா இலை ஓரம் கருகி, பச்சைத் துணி கட்டியும் தண்ணீர் தெளித்தும் பயனில்லை, ஜூன் வருவதற்குள் எட்டும் போச்சு. ஆயிரம் மீட்டருக்கு மேலே குளிரில் வளர வேண்டியதைக் கடல்மட்டத்துக்கு இழுத்துவந்தது என் தப்பு. ரொபஸ்டாவில் ஒன்று பிழைத்தது. தண்ணீர்த்தொட்டி நிழலில் நிற்கிறது, என் நெஞ்சு உயரம்.

நாலாம் வருடம் ஏப்ரலில் ஒரு நாள் கோடை மழை நன்றாகக் கொட்டியது. ஒன்பதாம் நாள் காலையில் மாடிக்கதவைத் திறந்தால் மல்லிகை வாசம். கணு கணுவாக வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக. கடைக்குப் போகாமல் அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். இரண்டு நாளில் பூ வாடி உதிர்ந்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. ரொபஸ்டா ஆச்சே, தனியாக நின்றால் எங்கே காய்க்கும். வேறு மரத்து விதை நாலு, ஓட்டோடு, இந்தத் தை மாதம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் வேண்டுமானால் சேர்த்துச் சொல்கிறேன். வந்த வாரத்திலேயே ஊன்றிவிட வேண்டும், அலமாரியில் வைத்துவிடாதே.